தூங்கியது குற்றம் என்றால் அந்த நேரத்தையும் பாருங்கள்

அந்தப் படத்தை நேற்றிலிருந்து நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாக்குச்சாவடியில் பெஞ்ச் மேல் தலை சாய்த்துத் தூங்கும் டீச்சர். கீழே "சம்பளம் வாங்கிக்கொண்டு தூக்கம்" என்று நானூறு பேர். படத்தில் சுவர்க் கடிகாரமும் தெரிகிறது. மணி பதினொன்று நாற்பது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. அதாவது ஓட்டுப்பதிவு முடிந்து ஐந்தரை மணி நேரம் கழித்து எடுத்த படம். அதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

என்னைப் போன்ற ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி ஒரு நாள் வேலை இல்லை. 2024-இல் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. நான் வீட்டை விட்டுக் கிளம்பியது 18-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு. கடைசிப் பயிற்சி வகுப்பில்தான் எந்தச் சாவடி என்ற ஆர்டரே கையில் கொடுத்தார்கள். சொந்தத் தொகுதியில் போட மாட்டார்கள், அது சரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டல அலுவலர் வண்டியில் இயந்திரம் வந்தது இரவு ஏழரைக்கு. அதன் பிறகு எண்களைச் சரிபார்த்து, சுவரொட்டி ஒட்டி, வகுப்பறைத் தரையில் படுத்தபோது பன்னிரண்டு இருக்கும். கொசுவோடு மூன்று மணி நேரம்.

காலை ஏழு மணிக்குத்தானே ஓட்டு என்பார்கள். மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு. கட்சி முகவர்கள் வரவில்லை என்றால் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டு, எண்ணி, விவிபாட் இயந்திரம் அச்சடித்த சீட்டோடு ஒப்பிட்டு, இயந்திரத்தில் அந்த ஓட்டுகளை அழித்து, விவிபாட் சீட்டுகளை எடுத்துக் கறுப்பு உறையில் சீல் வைக்க வேண்டும். அழிக்க மறந்தால் மாலையில் பதிவேட்டுக் கணக்கும் இயந்திரக் கணக்கும் ஒத்துவராது. மூன்று மணி நேரம் தூங்கிய ஆள் கையில் இந்த வேலை. இதை யோசித்துத்தான் நேரம் போடுகிறார்களா?

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்தோம், இருபத்து மூன்று பேர். கடைசி ஓட்டு ஆறே முக்கால். பதிவான ஓட்டுக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி, முகவர்களுக்கு நகல் கொடுத்து, எல்லாம் சீல் வைத்து முடித்தபோது எட்டேகால். இனி வேலை எதுவும் இல்லை. ஆனால் கிளம்ப முடியாது. இயந்திரத்தை ஒப்படைக்கும் வரை அது நம் பொறுப்பு.

இங்கேதான் என் கோபமே. எங்கள் மண்டலத்தில் பத்துச் சாவடிகள், ஒரே வண்டி. ஒரு சாவடியில் உறைகளைச் சரிபார்த்து ஏற்ற இருபது நிமிடம், அடுத்ததற்குப் போக ஐந்து நிமிடம் என்றாலும் பத்தாவது சாவடிக்கு வர நாலு மணி நேரம் ஆகிவிடும். இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரியும். எங்களுக்கு வண்டி வந்தது பன்னிரண்டு இருபதுக்கு. "நீங்கள் பத்தாவது, பன்னிரண்டுக்கு வருவோம்" என்று மதியமே சொல்லியிருந்தால் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் படுத்திருப்போம். வீடு வந்தபோது விடியற்காலை இரண்டு. ஆக, 44 மணி நேரம்.

"ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, இதற்கு இவ்வளவு புலம்பலா" என்று ஒருவர் வருவார். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி, எல்லாம் எண்ணிப் பாருங்கள். "மதிப்பூதியம் தருகிறார்களே" என்று இன்னொருவர். நான் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "போலீஸ்காரர்களும்தான் விழித்திருக்கிறார்கள்" என்றால், ஆமாம், அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

2021-இல் ஏழு மணி வரை ஓட்டு, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு. அந்தச் செவ்வாய் இரவும் நான் வீடு சேர ஒன்றரை. புதன்கிழமை ஒன்பது மணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் நின்றேன். கரும்பலகையில் எழுதிய கணக்கை நானே பாதியில் மறந்து நின்றேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடுப்பு கேட்டதற்கு "உங்களுக்கு மட்டுமா தேர்தல்" என்றார்கள். இன்னும் மறக்கவில்லை. ஒப்படைத்த ரசீதில் நேரம் இருக்கிறதே, அதிலிருந்து எண்ணி ஓய்வு கொடுத்தால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

அப்புறம் பெண்கள். என்னோடு இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலராக இருந்த டீச்சருக்கு ஒன்றரை வயதுக் குழந்தை. நள்ளிரவில் பஸ் கிடையாது, அவர் கணவர் நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வந்து சாவடி வாசலில் ஒன்பது மணியிலிருந்து நின்றார். பதினோரு மணிக்கு மேல் ஒப்படைக்கும் சாவடிக்கெல்லாம் திரும்பிப் போக ஒரு வேன் ஏற்பாடு செய்ய முடியாதா? இயந்திரத்துக்கு வண்டி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்ட மனுஷிக்கு இல்லை.

அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். ஓட்டுகள் பதிவாகியிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிப் பெட்டியின் கைப்பிடிக்குள் தன் வலது கையை மணிக்கட்டு வரை நுழைத்துவிட்டு, அதன் மேல் தலை வைத்துத் தூங்குகிறார். யாராவது அதைத் தொட்டால் அவருக்கு விழிப்பு வந்திருக்கும்.