மூன்று வருஷத்தில் நாலு கம்பெனி: ரெஸ்யூமில் எப்படி எழுதுவது, நேரில் எப்படிச் சொல்வது

அடிக்கடி வேலை மாறியவர்களை ஹெச்ஆர் ஒதுக்குகிறார்கள் என்பது பாதி உண்மைதான். சென்னை ஐடி வட்டாரத்தில் எட்டு மாதம், பத்து மாதம் என்று வேலை பார்த்தவர்கள் ஏராளம். மாறியதற்காக மட்டும் யாரையும் தள்ளினால் ஆளே கிடைக்காது. பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ரெஸ்யூமில் ஒன்று இருக்கும், நேர்காணலில் ஒன்று சொல்வார்கள், பிஎஃப் கணக்கில் வேறொன்று இருக்கும். இந்த மூன்றும் ஒத்துப்போகாதபோதுதான் "இவர் நிலைக்க மாட்டார்" என்ற சந்தேகம் "இவர் சொல்வதை நம்ப முடியாது" என்று ஆகிவிடுகிறது.

அதனால் ரெஸ்யூமைத் திறப்பதற்கு முன்னால் பிஎஃப் தளத்தில் உங்கள் யூஏஎன் எண்ணைப் போட்டு உள்ளே போய் Service History பக்கத்தைப் பாருங்கள். எந்த நிறுவனத்தின் பெயரில், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்கிற ஏஜென்சிகள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது இதைத்தான். 20 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் சின்ன கம்பெனி என்றால் பிஎஃப் பிடிக்காமலே இருந்திருக்கலாம். அதற்குச் சம்பளச் சீட்டும், சம்பளம் ஏறிய வங்கி ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வையுங்கள்.

டெஸ்டிங் துறையில் இருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலை முதல் 2022 ஏப்ரல் வரை ஒரு ஸ்டார்ட்அப். 2022 ஜூனிலிருந்து ஒரு வங்கியின் புராஜெக்ட், பத்து மாதம். அடுத்து ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் புராஜெக்ட், 2023 டிசம்பர் வரை ஒன்பது மாதம். 2024 ஜனவரியில் இன்னொரு கம்பெனி, ஜூனில் விலகல். ரெஸ்யூமில் இது நாலு வேலை. எதுவும் ஒரு வருஷத்தைத் தொடவில்லை. பார்த்தவுடனே புருவம் உயரும்.

ஆனால் Service History-யில் மூன்றுதான் இருக்கும். வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இவரை அனுப்பியது ஒரே பேரோல் கம்பெனி. சம்பளம் போட்டதும் பிஎஃப் கட்டியதும் அவர்கள்தான். அப்படியென்றால் இது ஒரே இடத்தில் 19 மாத வேலை. பெரிய பெயர் ரெஸ்யூமில் தெரியட்டும் என்று கிளையன்ட்டின் பெயரை மட்டும் போடுகிறவர்கள் இங்கேதான் இரட்டை நஷ்டப்படுகிறார்கள். ஒரு நீண்ட வேலையைத் தாங்களே இரண்டு குட்டி வேலையாக உடைத்துக்கொள்கிறார்கள். வெரிஃபிகேஷனில் அந்த வங்கியைக் கேட்டால் "இப்படி ஒருவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று பதில் வரும். எழுத வேண்டிய முறை இது: மேலே பேரோல் கம்பெனியின் பெயர், 2022 ஜூன் – 2023 டிசம்பர். அதற்குக் கீழே, உள்தள்ளி, இரண்டு கிளையன்ட்டும் அங்கே செய்த வேலையும்.

தேதியை எப்போதும் மாதத்தோடு போடுங்கள். "2021–2022" என்று வருஷம் மட்டும் போட்டால் இடைவெளி மறையாது. எதையோ மறைக்கிறார் என்பதுதான் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது எப்படி முடிந்தது என்று இரண்டு மூன்று சொல்லில் குறிப்பது நல்லது: "சென்னை டீம் மூடப்பட்டது", "ஒப்பந்தம் முடிந்தது". நீங்களாக விட்ட வேலைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு மாதம் மட்டும் இருந்த வேலையை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரெஸ்யூமில் விடலாம், அதில் தப்பில்லை. ஆனால் ஆஃபருக்குப் பிறகு வரும் வெரிஃபிகேஷன் படிவத்தில் விடக்கூடாது. அது "எல்லா வேலைகளையும் குறிப்பிடுக" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கும் ஆவணம். அங்கே விட்ட வேலை பிஎஃப்பில் தெரிந்தால் ஆஃபரே போகலாம்.

இன்னொரு கண்ணி விலகிய தேதி. மூடிப்போன ஸ்டார்ட்அப் பல சமயம் அதை ஏற்றியே இருக்காது. அப்போது நீங்கள் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பதுபோலத் தெரியும். 2022-ல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கிய பிறகு இப்படித் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. விலகி இரண்டு மாதம் கழிந்திருந்தால் அதே தளத்தில் Mark Exit மூலம் நீங்களே தேதியை ஏற்றலாம். ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரும். தேதி தப்பாக ஏறியிருந்தால் அந்த வழி உதவாது, ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுத்துத்தான் திருத்த வேண்டும். அது சில சமயம் இழுக்கும். அதனால் வேலை தேடத் தொடங்கும்போதே பார்த்துவிடுங்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு ஓடாதீர்கள்.

இனி நேர்காணல். "ஏன் இத்தனை மாற்றம்?" என்ற கேள்விக்குள் இருப்பது "எங்களையும் எட்டு மாதத்தில் விட்டுப் போவீர்களா?" என்பதுதான். நம்மாட்கள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள், அதுவும் நீளமாக. மேலே சொன்ன நபர் ஒரு நிமிடத்தில் இப்படி முடிக்கலாம்:

"முதல் கம்பெனி சென்னை டீமையே மூடிவிட்டது. அடுத்த 19 மாதம் ஒரே பேரோலில் இருந்தேன் சார். வங்கி புராஜெக்ட் முடிந்ததும் அவர்களே காப்பீட்டுக்கு மாற்றினார்கள். அதுவும் முடிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. கடைசி வேலையை நான்தான் விட்டேன். ஆட்டோமேஷன் என்று சேர்ந்தேன், மேனுவல் டெஸ்டிங்தான் கிடைத்தது. மூன்றாம் மாதம் மேனேஜரிடம் கேட்டேன், இந்த வருஷம் மாற வழியில்லை என்றார். நோட்டீஸ் முழுக்க இருந்து வேலையை ஒப்படைத்துவிட்டு வந்தேன். அதனால் இந்த முறை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: இந்த டீமில் ஆட்டோமேஷன் எவ்வளவு, மேனுவல் எவ்வளவு?"

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வி. "நான் அஞ்சு வருஷம் இருப்பேன்" என்று சத்தியம் செய்தால் யாரும் நம்பப்போவதில்லை. போன தடவை எது இல்லாததால் விட்டாரோ, அது இங்கே இருக்கிறதா என்று சேரும் முன்பே விசாரிக்கிறார் என்றால், எதிரில் இருப்பவருக்கு அது போதும். மூன்று விலகலில் ஒன்றுதான் தன் முடிவு என்பதை அவரே எடுத்துச் சொன்னதும் நல்லது. மூன்றையும் கம்பெனி தலையில் கட்டினால் அதுவே இன்னொரு சந்தேகம். நோட்டீஸ் முழுக்க இருந்ததைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ரிலீவிங் லெட்டர் அதற்குச் சாட்சி. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு வேலை, நாலு குறுகிய வேலையைவிட அதிகம் கெடுக்கும்.

மேனேஜரைத் திட்டாதீர்கள், திட்டத் தகுந்தவராகவே இருந்தாலும். "பெட்டர் ஆப்பர்ச்சுனிட்டி" என்று மூன்று வேலைக்கும் ஒரே காரணம் சொல்வது அதைவிட மோசம். அடுத்த பெட்டர் எங்கே வந்தாலும் போய்விடுவார் என்றுதான் கேட்பவர் காதில் விழும். சம்பளத்துக்காக மாறியிருந்தால் ஒருமுறை அப்படியே சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்த முறையும் பெரிய ஹைக் கேட்டுவிட்டு, சம்பளம் முக்கியமில்லை என்று சொல்லிப் பயனில்லை.

நாலு விலகலும் உண்மையிலேயே உங்கள் முடிவுதான் என்றால் எந்த வாக்கிய அமைப்பும் அதை மூடாது. அந்த நிலையில் இருப்பவர்கள் நிரந்தர வேலைக்கு மோதிக்கொண்டே இருப்பதைவிட 12 மாத ஒப்பந்தம் ஒன்றை எடுத்து, கடைசி நாள் வரை இருந்து, அந்தக் கடிதத்தோடு அடுத்த சுற்றுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. ஒப்பந்தத்தில் சேரும் முன் பிஎஃப் பிடிப்பார்களா, எந்தக் கம்பெனி பெயரில் பிடிப்பார்கள் என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.