நீதிபதி அழகுப் போட்டி நடத்த வேண்டாம்

நேற்றைய விவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. தோற்றத்தைக் காரணமாக வைத்து வேலை மறுப்பதையும் சட்டம் பாகுபாடாகப் பார்க்க வேண்டும் என்று விவாதத்துக்கு வந்த ஒரு பெண் சொல்லி முடிப்பதற்குள், "அப்போ நீதிபதி என்ன, அழகுப் போட்டி நடத்துவாரா? யார் எவ்வளவு அசிங்கம்னு எந்தத் தராசுல நிறுப்பீங்க?" என்றார் எதிரே இருந்தவர். அரங்கமே சிரித்தது. நெறியாளரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஜோக் நன்றாகத்தான் இருந்தது. கேள்விதான் தப்பு. யாருடைய முகத்தையும் யாரும் அளக்க வேண்டாம். அளக்க வேண்டியது, வேலை கொடுப்பவர் எடுத்த முடிவு முகத்தால் மாறியதா என்பதை மட்டும்தான்.

மதப் பாகுபாடு என்று ஒருவர் வழக்குப் போட்டால், அவருக்கு எத்தனை டிகிரி பக்தி என்று நீதிமன்றம் கேட்கிறதா? அவர் மதம் முடிவைப் பாதித்ததா என்றுதான் கேட்கிறது. தோற்றத்துக்கும் அதே கேள்விதான். இது என் கற்பனையும் இல்லை. பிரான்ஸ் 2001-லேயே பாகுபாட்டுக் காரணங்களின் பட்டியலில் உடல் தோற்றத்தைச் சேர்த்துவிட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் டி.சி.யில் 1977 முதல் சட்டம் இருக்கிறது. மிச்சிகன் மாநிலம் 1976-இல் இயற்றிய சட்டத்திலேயே உயரமும் எடையும் பட்டியலில் உண்டு. இத்தனை வருஷத்தில் எந்த நீதிபதியும் மேடை போட்டு மார்க் போடவில்லை.

சரி, முடிவை எப்படி அளப்பது? ஒரே தகுதி, ஒரே அனுபவம் கொண்ட இரண்டு விண்ணப்பங்களைத் தயார் செய்கிறார்கள். படம் மட்டும்தான் வேறு. ஒரே வேலைக்கு இரண்டையும் அனுப்பிவிட்டு யாரை நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு 200 விளம்பரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 இடங்களில் இருவரையும் கூப்பிடவில்லை, 30 இடங்களில் இருவரையும் கூப்பிட்டார்கள். இந்த 160-ஆல் நமக்குப் பயனில்லை, ஒதுக்கிவிடலாம். மீதி 40-ல்தான் விஷயம் இருக்கிறது. அதில் 28 இடங்களில் அழகான படத்துக்கு மட்டும் அழைப்பு, 12 இடங்களில் மற்றதற்கு மட்டும். படத்துக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் கிட்டத்தட்ட 20-க்கு 20 வந்திருக்க வேண்டும். தற்செயலாக ஏதோ ஒரு பக்கம் இவ்வளவு சாய்வதற்கான வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் குறைவுதான். இதில் தராசு எங்கே வந்தது?

சொதப்புவதற்கும் இடம் இருக்கிறது. ஒரு படத்தில் சிரிப்பு, இன்னொன்றில் இறுக்கம் என்றால் நீங்கள் அளப்பது சிரிப்பை. ஒருவர் ஐந்து வயது மூத்தவராகத் தெரிந்தால் அளப்பது வயதை. ஒரு வகைக்கு ஒரே ஒரு ஆள் படத்தை வைத்தால் அந்த ஆளையே அளக்கிறீர்கள். அதனால் வகைக்குப் பல படங்கள் வேண்டும். எந்த விண்ணப்பத்தில் எந்தப் படம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். படங்களை முன்கூட்டியே தனிக் குழுவிடம் காட்டி வயது, உடை, நம்பகத்தன்மை எல்லாம் ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் டான்-ஒலோஃப் ரூத் என்ற பொருளாதார ஆய்வாளர் இன்னும் சுத்தமாகச் செய்தார். அதே முகத்தையே கணினியில் பருமனாக்கி அனுப்பினார். 2009-இல் வெளியான அந்த ஆய்வில், நேர்காணல் அழைப்பு ஆண்களுக்கு 6 சதவீதப் புள்ளிகளும் பெண்களுக்கு 8 புள்ளிகளும் குறைந்தது. அதே ஆள், அதே படிப்பு.

இஸ்ரேலில் ரஃபிள், ஷ்டுடினர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2,656 வேலைகளுக்கு 5,312 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். அழகான ஆண்களுக்கு அழைப்பு கூடியது. பெண்களில் படமே ஒட்டாதவர்களுக்குத்தான் அதிக அழைப்பு. அழகான பெண்ணும் தோற்றாள், சுமாரான பெண்ணும் தோற்றாள். தராசு கேட்ட ஐயா, உங்கள் அசிங்கத் தராசில் இது விழுமா? அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முகத்தை அளக்காதீர்கள், முடிவை அளங்கள்.

"அழகு அவரவர் ரசனை சார், அதைப் போய்ச் சட்டத்துல..." என்று வருவார்கள். பாதி உண்மை. நிஜமாகவே பாதி. முகங்களுக்கு மார்க் போடுவதில் பொது ரசனையும் தனி ரசனையும் ஏறக்குறைய சரிபாதி என்று உளவியல் ஆய்வாளர் ஹோனெகாப் 2006-இல் காட்டினார். என் பக்கம் பேசுகிறவர்கள் சிலர் "0.9 ஒற்றுமை இருக்கு, எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள்" என்று அடித்துவிடுவதும் தப்பு. முழு ஒற்றுமை என்றால் 1; ஆனால் அந்த 0.9, பலரின் சராசரி எவ்வளவு நம்பகமானது என்பதற்கான எண். இரண்டு தனி ஆட்களுக்கு இடையே ஒற்றுமை வெறும் 0.3 இருந்தாலும் 20 பேரின் சராசரியை எடுத்தால் 0.9 வந்துவிடும். ஆக, ஒரு முதலாளியின் ரசனை தனி ரகமாக இருக்கலாம். இருக்கட்டுமே. தனி ரசனையால் ஒருவரை ஒதுக்கினாலும் ஒதுக்கியது ஒதுக்கியதுதானே?

"வாடிக்கையாளர் அதைத்தான் விரும்புறாங்க." இந்த வாதம் ரொம்பப் பழசு. பான் ஆம் விமான நிறுவனம் ஆண்களைப் பணிப்பெண் வேலைக்கு எடுக்க மறுத்தபோது, பயணிகள் பெண்களைத்தான் விரும்புகிறார்கள் என்றது. 1971-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாலினத்துக்குச் செல்லாத சாக்கு முகத்துக்கு மட்டும் ஏன் செல்ல வேண்டும்? நடிகர், மாடல் வேலைக்கு விலக்கு வையுங்கள், யார் வேண்டாம் என்றது. சீருடை, சுத்தம் பற்றிய விதிகளும் இருக்கட்டும்.

"அழகானவங்க நல்லா வேலை செய்வாங்க" என்பவர்களுக்கு பொருளாதார ஆய்வாளர்கள் மோபியஸும் ரோசன்பிளாட்டும் 2006-இல் வெளியிட்ட சோதனை. கணினியில் புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிப்பதுதான் வேலை. அழகுக்கும் அந்தத் திறமைக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் முதலாளி இடத்தில் இருந்தவர்கள் அழகானவர்களிடம் கூடுதல் திறமையை எதிர்பார்த்துக் கூடுதல் கூலி கொடுத்தார்கள்.

ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். 200 விளம்பரச் சோதனை சந்தையின் குணத்தைக் காட்டும், ஒரு நிறுவனத்தின் குற்றத்தைக் காட்டாது. வருஷத்துக்கு நாலு பேரை எடுக்கும் இடத்தில் இந்தக் கணக்கு நிற்காது. அங்கே ஆவணம்தான் சாட்சி. எனக்குத் தெரிந்த ஒரு பெண் எழுத்துத் தேர்விலும் தொலைபேசி நேர்காணலிலும் முதலிடம். முகத்தில் பழைய தீக்காயத் தழும்பு. நேரில் போன பத்தாவது நிமிடம் "டீமோட செட் ஆக மாட்டீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இதில் அவள் எவ்வளவு அழகு என்று கணக்குப் போட என்ன இருக்கிறது? முகம் தெரியாத வரை முதலிடம், முகம் தெரிந்ததும் வெளியே. இடையில் மாறியது என்ன என்று நிறுவனம் எழுத்தில் சொல்லட்டும். பாகுபாட்டுச் சட்டம் இருக்கும் பல நாடுகளில் முதல்கட்ட ஆதாரம் வந்ததும் விளக்கும் பொறுப்பு எதிர்ப்பக்கம் போய்விடும். இங்கும் அதே முறை போதும்.

"எல்லோரும் கோர்ட்டுக்கு ஓடுவாங்க" என்று பயப்படுகிறீர்களா? மிச்சிகனில் அரை நூற்றாண்டாகச் சட்டம் இருக்கிறது, வந்த வழக்குகள் சொற்பம். ஏன் என்று நினைக்கிறீர்கள்? "என் முகத்துக்காக என்னை வேண்டாமென்றார்கள்" என்று நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு மனுஷன் எவ்வளவு கூனிக் குறுக வேண்டும் தெரியுமா? நேற்று ஒருத்தி சொல்ல வந்தாள். நீங்கள் சிரித்தீர்கள்.

கீழே சிரிப்பு எமோஜி போட்டிருக்கும் மனிதவளத் துறை நண்பர்களுக்கு ஒரு வேலை. கடைசியாக எடுத்த ஐம்பது ஆட்களோடு நிறுத்தாமல், அப்போது நிராகரித்தவர்களையும் சேர்த்து ஒரு எக்செல் போடுங்கள். முகம் பார்ப்பதற்கு முந்தைய மதிப்பெண், பார்த்த பிறகான மதிப்பெண், நிராகரிக்க எழுதிய காரணம், இந்த மூன்று பத்தி போதும். முதல் மதிப்பெண் உயர்ந்து இரண்டாவது சரிந்தவர்களின் வரிசையில் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "பொருத்தமில்லை" என்பது எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிட்டு வந்து கமெண்ட் போடுங்கள்.