விற்றவர் 11-ஆம் தேதி வரை குரூப்பில் இருக்க வேண்டும்

பில்லிங் சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் கையெழுத்தாகி அட்வான்ஸ் வந்ததும் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்குவார்கள். சேல்ஸ் ஆள் கஸ்டமரையும் சப்போர்ட் டீமையும் அதில் சேர்த்துவிட்டு, "இனிமே எல்லாம் இவங்க பாத்துப்பாங்க சார்" என்று ஒரு மெசேஜ் போடுவார். அடுத்த வாரம் பார்த்தால் அவர் குரூப்பில் இருக்க மாட்டார்.

நான் இம்ப்ளிமென்டேஷன் வேலையில் இருப்பவன். அந்தக் குரூப்பில் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த வழக்கத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சேல்ஸிடமிருந்து எங்கள் கைக்கு வருவது என்ன? கஸ்டமர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், எத்தனை கம்ப்யூட்டர், எவ்வளவு பாக்கி, இவ்வளவுதான். வராதது, இரண்டு மூன்று மாதம் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசிய பேச்சு. கொட்டேஷனின் கடைசி வரியில் "மற்றவை பேசியபடி" என்று இருக்கும். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். என்ன பேசினார்கள் என்பது இருவருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் அடுத்த ஆர்டரைத் தேடிப் போய்விட்டார்.

அடையாளம் தெரியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். விருதுநகர் பக்கம் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி. சுற்றுவட்டார மெடிக்கல் ஷாப்களுக்குச் சரக்குப் போடுகிறார். வருட விற்பனை 5 கோடியைத் தாண்டியதால் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பல வருடமாக ஓடிய பழைய சாஃப்ட்வேரை விட்டுவிட்டு ஏப்ரல் 1 முதல் புதியதற்கு மாறுவதாகத் திட்டம். விற்ற தம்பி அவரிடம் சொன்னதில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை. பழைய டேட்டா எல்லாம் வந்துவிடும். இ-இன்வாய்ஸ் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், பையன்கள் எடுப்பார்கள்.

இதில் எதுவும் பொய் கிடையாது. வாக்குறுதி உடைவது பெரும்பாலும் பொய்யால் அல்ல. சொன்னவர் மனதில் ஒரு அளவு, கேட்டவர் மனதில் இன்னொரு அளவு.

பழைய டேட்டாவை எடுத்துக்கொள்வோம். எங்கள் தொழிலில் "டேட்டா வரும்" என்றால் பொருள் பட்டியல், பார்ட்டி பட்டியல், பேட்ச் வாரியாகக் கையிருப்பு (காலாவதி தேதியோடும் எம்ஆர்பியோடும்), பில் வாரியாக வர வேண்டிய பாக்கி. இவ்வளவும் வந்தால் ஏப்ரல் 1 காலையில் பில் போடலாம். விற்ற தம்பியும் இதைத்தான் நினைத்துச் சொன்னார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டது, மூன்று வருடத்துப் பில் ஒவ்வொன்றும் புதிய சாஃப்ட்வேரில் தேடினால் கிடைக்கும் என்று.

மளிகை மொத்த வியாபாரமாக இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாமலே போயிருக்கும். மருந்தில் அப்படி முடியாது. மெடிக்கல் ஷாப்காரர் காலாவதியான அட்டைகளை மூட்டையாகக் கட்டித் திருப்பி அனுப்புவார். அந்த பேட்ச் எந்தப் பில்லில் போனது, என்ன ரேட்டில் போனது, 10+1 ஸ்கீமில் இலவசமாகப் போனதா என்று பார்த்துத்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ளும் கிரெடிட் நோட்டுக்குக் கெடுவும் உண்டு. பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதி, இரண்டில் எது முந்தியோ அதுவரைதான். ஆகப் பழைய பில் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கவுன்டரில் இருக்கும் அக்கா அந்த மூட்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரல் முதல் வாரத்தில் அதுதான் நடந்தது. குரூப்பில் மூட்டையின் போட்டோவோடு ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி எல்லாம் வந்துரும்னு சொன்னாரே, பழைய பில்லு எங்க இருக்கு?" எங்கள் பக்கத்துப் பையன் பதில் போட்டான்: "அது ஸ்கோப்ல இல்ல சார்."

அந்த ஒரு வரியில் அந்த வியாபாரியின் நம்பிக்கை போய்விட்டது. அதற்குப் பிறகு நாங்கள் சரியாகச் செய்த வேலையைக்கூட அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

இத்தனைக்கும் தீர்வு இருந்தது. பழைய சாஃப்ட்வேரை ஒரு கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கு மட்டும் விட்டுவைக்கலாம், செலவே இல்லை. அல்லது பழைய விற்பனை விவரத்தை மட்டும் (பில் எண், தேதி, பார்ட்டி, பொருள், பேட்ச், அளவு, ரேட், வரி) எக்செல்லாக எடுத்துத் தேடிப் பார்க்கும் பட்டியலாக உள்ளே ஏற்றலாம். இதற்குச் சில நாள் வேலையும் தனிக் கட்டணமும் ஆகும். ஆர்டர் எடுக்கும்போதே இரண்டையும் சொல்லியிருந்தால் அண்ணாச்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஏப்ரலில் மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னால் அது அவருக்கு ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். இரண்டு வேளையிலும் தொகை ஒன்றுதான், ஆனால் இப்போது கேட்பது அவர் காதில் அபராதமாக விழுகிறது.

இ-இன்வாய்ஸ் கதை வேறு மாதிரி. பட்டனைத் தட்டினால் வருவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் கஸ்டமரின் கணக்கில் நுழைந்து, சாஃப்ட்வேருக்கென்று தனியாக ஒரு ஏபிஐ யூசர் உருவாக்க வேண்டும். அதற்கு ஓடிபி வரும். அது ஜிஎஸ்டியில் பதிவான மொபைலுக்குப் போகும். நம் ஊரில் பாதி வியாபாரிகளுக்கு அந்த மொபைல் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறது! மார்ச் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸில் போனை எடுக்க வைப்பது எவ்வளவு பாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கஸ்டமர் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது என்பதை விற்கும்போது சொல்வதில்லை, சொன்னால் பொருள் சிக்கலானது போலத் தெரியுமாம். பிறகு தாமதமானால் பழி சப்போர்ட் தலையில்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருந்து மொத்தக் கடையில் மறுநாள் சரக்கு கொண்டுபோகும் லைனுக்கு ராத்திரி 9 மணிக்கும் பில் போடுவார்கள். எங்கள் சப்போர்ட் 6 மணியோடு சரி.

இப்போது என் யோசனை. ஒப்படைப்புக் கூட்டம் என்று ஒன்று பல கம்பெனிகளில் நடக்கிறது, அது ஆர்டருக்குப் பிறகு நடக்கிறது. அதை ஆர்டர் கையெழுத்தாவதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அரை மணி நேரம் போதும். விற்றவர், சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுக்கப் போகிறவர், முதலாளி, கூடவே கவுன்டரில் உட்காரும் அந்த அக்கா. அவரை விட்டுவிடவே கூடாது. முதலாளி லாபக் கணக்கைக் கேட்பார், காலாவதி மூட்டையைப் பற்றிக் கேட்பது அந்த அக்காதான்.

அந்தக் கூட்டத்தில் சப்போர்ட் ஆள் டெமோ காட்டக் கூடாது. கேட்க வேண்டும்: "முதல் நாள் கடை திறந்ததும் இதுல என்னென்ன இருக்கும்னு நினைக்கிறீங்க?" அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "டேட்டா மைக்ரேஷன்" என்று நம் பாஷையில் மாற்றி எழுதினால் போச்சு. "பழைய பில்லு தேடினா கிடைக்கணும்" என்றே எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிலைமையைக் குறிக்க வேண்டும்: இப்போதே இருக்கிறதா, செட் செய்தால் வருமா, புதிதாகச் செய்ய வேண்டுமா (எவ்வளவு பணம், எந்தத் தேதி), இல்லை முடியவே முடியாதா. கஸ்டமர் செய்ய வேண்டியது என்றால் யார், எப்போது என்றும் எழுதுங்கள். "ஆடிட்டர் ஓடிபி, மார்ச் 20-க்குள்" என்ற அளவுக்கு. இந்தத் தாள் ஆர்டரோடு இணைப்பாகப் போக வேண்டும். "மற்றவை பேசியபடி" என்ற வரி இருக்கவே கூடாது.

முடியாது என்பதை விற்றவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். சப்போர்ட் சொன்னால் கம்பெனி பின்வாங்குவதாகப் படும். "அண்ணாச்சி, நான் எல்லாம்னு சொன்னது பாக்கியையும் ஸ்டாக்கையும்தான், பழைய பில்லுக்கு இப்படி ஒரு வழி இருக்கு" என்று விற்றவரே சொன்னால் அது விளக்கமாக நிற்கும்.

இதனால் ஆர்டர் கையைவிட்டுப் போகாதா என்று சேல்ஸ் நண்பர்கள் கேட்பார்கள். சில போகும். பழைய பில் உள்ளே வராவிட்டால் வேண்டவே வேண்டாம் என்று நினைப்பவர் மார்ச்சில் விலகுவது நல்லது. ஜூனில் விலகினால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார், தெருவில் இருக்கும் மற்ற கடைக்காரர்களிடமும் சொல்வார்.

அடுத்தது இன்சென்டிவ். அட்வான்ஸ் வந்ததும் முழு இன்சென்டிவ் கிடைக்கும் என்றால் எந்த நல்லவரும் அடுத்த கடைக்குத்தான் ஓடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பங்கைப் பிடித்துவைத்து, கஸ்டமர் முதல் மாத விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்த பிறகு கொடுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு அது அடுத்த மாதம் 11-ஆம் தேதி. பில் போட்டாகிவிட்டது என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய மாட்டேன், முதல் நாளே பில் ஓடிவிடும். திரும்பி வந்த சரக்கு, கிரெடிட் நோட், வரி, பார்ட்டி பாக்கி எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்பது முதல் ரிட்டர்ன் போடும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும். அதுவரை விற்றவர் குரூப்பில் இருக்கட்டும். வேலை செய்ய வேண்டாம். "இதை நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன்" என்று சொல்ல ஆள் இருந்தால் போதும்.

இதில் ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. கஸ்டமர் ஸ்டாக் எண்ணிக்கொடுக்காமல் இழுத்தடித்தால் விற்றவர் பணம் ஏன் மாட்ட வேண்டும்? சரிதான். 45 நாள் மாதிரி ஒரு வரம்பு வையுங்கள். தாமதம் கஸ்டமர் பக்கம் என்றால் அதற்குப் பிறகு கொடுத்துவிடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கஸ்டமர் முன்னால் "யார் சார் சொன்னது?" என்று கேட்காதீர்கள். அவருக்குச் சொன்னது கம்பெனி. சேல்ஸ், சப்போர்ட் என்ற பிரிவெல்லாம் நம் ஆபீஸ் சுவருக்குள் மட்டும்தான். "எழுதிக்கிட்டேன், நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள முடியுமா முடியாதான்னு சொல்லிடறேன்" என்று சொல்லுங்கள், அந்த நேரத்துக்குச் சொல்லியும் விடுங்கள். பதில் முடியாது என்பதாக இருந்தாலும் சரி.

ஒப்படைப்பு சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள ரிப்போர்ட் எதுவும் வேண்டாம். மாதக் கடைசியில் விற்றவரின் போனை வாங்கிப் பாருங்கள். பழைய கஸ்டமர்கள் பில்லிங் பிரச்சினைக்கு இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால், ஆர்டர்தான் கைமாறியிருக்கிறது, கஸ்டமர் மாறவில்லை.