ஓவர்டிராஃப்ட் வட்டி மாதக் கடைசி நிலுவைக்கு இல்லை

"தினசரி நிலுவையில் ஓவர்டிராஃப்ட் வட்டி எப்படிப் போடுகிறீர்கள், ஐயா?" என்று ஜவுளிக்கடைக்காரர் வங்கி மேனேஜருக்கு எழுதிய கடிதத்துக்கு இங்கே ஒருவர் போட்ட பதில்: "மாதக் கடைசியில் நிற்கும் தொகைக்குத்தான் வட்டி."

அது தவறு சார். வட்டியைக் கணக்கில் பற்று வைப்பதுதான் மாதக் கடைசியில், அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரி, ஆனால் கணக்கு ஒவ்வொரு நாள் முடிவு நிலுவைக்கும் ஓடுகிறது. ஜூனில் 10 நாள் 2 லட்சம், 15 நாள் 50,000, சரக்கு எடுத்த கடைசி 5 நாள் 3 லட்சம் என்று வையுங்கள். நிலுவையை நாளால் பெருக்கிக் கூட்டினால் 42,50,000. அதை ஆண்டு வட்டி 12 சதவீதத்தால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் சுமார் 1,397 ரூபாய். நீங்கள் சொன்னபடி 3,000 வரும்!

கடைக்காரர் அண்ணே, வங்கி போட்டது இதைவிடக் கூடுதல் என்றால், நீங்கள் போட்ட காசோலைகள் எந்தத் தேதியில் வரவாயின என்று ஸ்டேட்மெண்டில் முதலில் பாருங்கள்.