பாட வீடியோவுக்கு யார் குரல்?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சென்ற மாதம் ஒரு வீடியோ செய்தேன். ஊட்டியில் தண்ணீர் ஏன் 100 டிகிரி வரும் முன்பே கொதிக்கிறது என்பதுதான் பாடம். நம் ஊர் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். அதனால் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வீட்டு அடுப்பிலேயே தெர்மாமீட்டர் வைத்துப் படம் எடுத்தேன். குரலுக்குத்தான் வழி தெரியவில்லை.

வெளியே விடாத மழை, மேலே தகரக் கூரை. கூட வேலை பார்க்கும் ஒருவர், "எதுக்கு டீச்சர் தொண்டையைக் கெடுத்துக்கறீங்க? எழுதிக் கொடுத்தா கம்ப்யூட்டரே படிச்சிடும்" என்றார். சரி என்று முயன்று பார்த்தேன். குரல் நன்றாகவே இருந்தது. ஆனால் 'கேஸ் அடுப்பு' என்ற இடத்தில், போலீஸில் போடும் கேஸைச் சொல்வதுபோல் படித்தது. பாரோமீட்டரின் முதல் எழுத்தைப் 'பல்'லில் வரும் ப-வாக உச்சரித்தது. அங்கே வேண்டியது 'அம்பு'வில் வரும் ஒலி.

இதைக் கருவியின் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. கல்லுக்கும் தங்கத்துக்கும் நாம் ஒரே க-வைத்தான் எழுதுகிறோம். தமிழ்ச் சொல்லில் அது எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்து ஒலியைக் கண்டுபிடித்துவிடலாம். கடன் சொல்லில் அந்த விதி செல்லாது, சொல்லைத் தெரிந்திருந்தால்தான் உண்டு. அறிவியல் பாடத்தில் கிராம், பீக்கர், குளுக்கோஸ், பாக்டீரியா என்று வரிக்கு வரி இப்படித்தான். அந்தச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஒலி சரியானது, ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வேறு யாரோ வந்து பேசியதுபோல் இருந்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது நிறுத்தம். தெர்மாமீட்டரில் கோடு ஏறிக்கொண்டிருக்கும்போது, "இருங்க, இன்னும் ஏறுது, பாருங்க... நின்னுடுச்சு" என்று சொல்ல வேண்டும். கருவிக்கு அந்த இடத்தில் இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

```
<break time="3s"/>
```

மூன்று விநாடி மௌனம் கிடைக்கும். ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கும் குரல் கிடைக்காது. பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்தாலும் முழுதாகச் சரிவராது. 'மரம்' என்று எழுதினாலும் பேசும்போது கடைசி ம்-ஐ மூக்கிலேயே விட்டுவிடுகிறோம். அதற்கு எழுத்து இல்லை. கருவி ம்-ஐ அழுத்திச் சொல்லும்.

கருவிக் குரலில் கேட்டவர்கள் கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் பின்தங்கினார்கள் என்று 2003-இல் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் குழுவினர் எழுதினார்கள். 2017-இல் வந்த இன்னொரு ஆய்வு, புதிய கருவிக் குரல்கள் மனிதக் குரலுக்குக் குறைந்தவை அல்ல என்றது. இரண்டுமே ஆங்கிலத்தில் செய்தவை. மேலே சொன்ன தமிழ்ச் சிக்கலுக்கு இவற்றை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

ஆக, நானே பேசினேன். மழை விட்ட ஓர் இரவில், துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, தலைக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். போன் வாய்க்கு நேராக இல்லாமல் சற்று ஒதுங்கி, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முதல் பத்து விநாடி பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்தைக் காட்டித்தான் ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் `Noise Reduction` இரைச்சலைக் குறைக்கும். ஃபிரிட்ஜின் உறுமல் போன்ற சீரான ஒலிக்கு இது போதும். மழைக்கு ஆகாது, அது ஏறி இறங்கும். கட்டாயப்படுத்திக் குறைத்தால் ச, ஸ வரும் இடங்களெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்டால் மறுபடி பதிவு செய்வதைத் தவிர வழியில்லை. தப்பாகச் சொன்ன இடத்தில் ஒரு கைதட்டு தட்டிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னேன். வெட்டும்போது திரையில் அந்தத் தட்டு கூர்முனையாக நிற்கும், தேட வேண்டியதில்லை.

பத்து நாள் கழித்து என் மகள் ஒரு பிழையைப் பிடித்தாள். படத்தில் 93, நான் சொன்னது 92. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பகலில், சளி பிடித்த தொண்டையோடு பேசி ஒட்டினேன். ஒட்டுப்போட்டது நன்றாகத் தெரிந்தது. கடைசியில் முந்தைய படம் மாறும் இடத்திலிருந்து அடுத்த படம் மாறும் இடம்வரை முழுவதையும் திரும்பப் பேச வேண்டியதாயிற்று. கருவிக் குரலாக இருந்தால் அரை நிமிட வேலை, எந்த நாளிலும் அதே குரல். அதன் உண்மையான பலம் இதுதான் என்று அன்று புரிந்தது.

அதனால் இப்போது இப்படிப் பிரித்துக்கொண்டேன். கை வேலையும் காத்திருப்பும் உள்ள சோதனைப் பகுதி என் குரலில். வருடாவருடம் மாற்றுகிற கடைசிப் பத்துக் கேள்விகள் கருவிக் குரலில். அவை எழுத்தாகவும் திரையில் இருப்பதால், ஒலி கொஞ்சம் பிசகினாலும் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள். அதிலும் 'கேஸ்' வந்த நான்காவது கேள்வியை மட்டும் 'எரிவாயு' என்று மாற்றி எழுதிவிட்டேன்.