கோவலன் முன்னால் வந்து நின்ற காளை

சிலப்பதிகாரத்துக் கனவுகள், சகுனங்கள் என்று பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று, "அதெல்லாம் அந்தக் காலத்து மூடநம்பிக்கை" என்று தள்ளிவிடும். இன்னொன்று, "பாத்தீங்களா, அப்பவே சொல்லியிருக்காங்க" என்று பூரித்துப்போகும். ரெண்டு பேரிடமும் எனக்கு ஒரே கேள்விதான். இத்தனை கனவும் சகுனமும் வருகிற அந்தக் காப்பியத்தில், அவற்றில் ஏதாவது ஒன்று யாரையாவது காப்பாற்றியதா? ஒன்றுகூட இல்லை. இளங்கோ அப்படித்தான் திட்டமிட்டு வைத்திருக்கிறார் என்பது என் கட்சி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதை எப்படி முடியும் என்பது கேட்பவருக்கு ரகசியமே இல்லை. பதிகத்திலேயே கோவலன் கொலை, கண்ணகி வழக்குரைத்தது, மதுரை எரிந்தது எல்லாம் வந்துவிடுகிறது. ஆக, "அடுத்து என்ன நடக்குமோ" என்று நம்மைப் பதறவைக்க அவருக்குச் சகுனம் தேவையில்லை. அப்புறம் எதற்கு?

இந்திர விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் நகரமே கொண்டாட்டத்தில் மிதக்கிறது. பக்கம் பக்கமாக விழா வர்ணனை. அந்தக் காதையின் கடைசியில், போகிற போக்கில் ஒரு செய்தி: கண்ணகிக்கு இடக்கண் துடித்தது, மாதவிக்கு வலக்கண் துடித்தது. பெண்ணுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்பது நம் வழக்கம், இன்றைக்கும் வீடுகளில் சொல்கிறோம். அதன்படி மாதவிக்குப் பிரிவு, கண்ணகிக்குக் கணவன் திரும்பி வரப்போகிறான். சகுனம் அப்படியே பலிக்கிறது, கோவலன் திரும்பி வருகிறான். ஆனால் அவன் வந்ததால்தான் மதுரைப் பயணம், மதுரைக்குப் போனதால்தான் கொலை. கண்ணகிக்கு வந்த நல்ல சகுனத்தின் முழு விலையும் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அடுத்தது அவளுடைய கனவு. தோழி தேவந்தியிடம் சொல்கிறாள்: கணவன் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய ஊருக்குப் போனான், அந்த ஊரார் எங்கள்மேல் தேளைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு பொய்ப்பழி போட்டார்கள், கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டு நான் அரசன் முன்னால் வழக்குரைத்தேன், அரசனுக்கும் ஊருக்கும் கேடு வந்தது, அதற்குப் பின் நாங்கள் அடைந்த நல்ல கதியைச் சொன்னால் நீ சிரிப்பாய். மதுரைக் காண்டம் முழுவதையும் ஐந்தாறு வரியில் சொல்லி முடித்துவிட்டாள்! தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவன் வருவான் என்று வழி சொல்கிறாள். "பீடு அன்று", அது எனக்குப் பெருமை இல்லை, என்று ஒரே வார்த்தையில் மறுக்கிறாள் கண்ணகி. அந்த நொடியே வேலைக்காரப் பெண் வந்து, வாசலில் கோவலன் நிற்கிறான் என்கிறாள்.

இந்த இடத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். கனவில் கையைப் பிடித்து அழைத்துப்போனவன் நேரிலேயே வந்து நிற்கிறான். மதுரைக்குப் போவோம், எழுந்திரு என்கிறான். அவள் கனவைப் பற்றி வாய் திறந்ததாக இளங்கோ எழுதவே இல்லை. "சிலம்பு உள கொண்ம்" என்று அவள்தான் சிலம்பை எடுத்துக் கொடுக்கிறாள், விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். கனவை மறந்தாளா, தெரிந்தே போனாளா என்று எத்தனை பேர் வேண்டுமானாலும் சண்டை போடலாம். தெரிந்தே போனாள் என்றுதான் நான் படிக்கிறேன். இத்தனை நாள் கழித்து வந்து நிற்பவனிடம் எந்தப் பெண் "எனக்கு ஒரு கெட்ட கனவு" என்று பேச்சை ஆரம்பிப்பாள், சொல்லுங்கள்.

கோவலனுக்கும் ஒரு கனவு வருகிறது, மதுரையின் வாசலில். ஒரு கீழ்மகனால், அரசனின் காவல் நகரத்திலேயே, ஆடை பறிபோய், கொம்புள்ள விலங்கின்மேல் ஏறிப்போவதாக. அது எருமைக்கடா என்பார்கள், யாருடைய வாகனம் என்று சொல்லத் தேவையில்லை. சீக்கிரமே தீங்கு வரும் என்று அவனே மாடலன் என்ற மறையவனிடம் சொல்கிறான். அதற்குக் கிடைக்கிற ஆலோசனையைப் பாருங்கள்: இந்தப் புறஞ்சேரி துறவிகள் தங்கும் இடம், உங்களுக்குச் சரிப்படாது, பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் போய்விடு. நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அவன் எந்த நகரத்தைக் கண்டு பயந்தானோ அதற்குள்ளேயே அனுப்பி வைக்கிறார்கள். அதற்கு முன்பே மதில்மேல் பறக்கும் கொடிகள் "வராதே" என்று கைகாட்டியதாகப் பாடியிருக்கிறார் இளங்கோ. அது கோவலன் கண்ணில் படாது. நமக்கு மட்டும் காட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது காளை வருகிற இடம். சிலம்பை விற்கக் கிளம்பி ஆயர்பாடித் தெருவில் நடக்கிறான், திமில் பெருத்த காளை எதிரே பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதற்கு இளங்கோ தரும் காரணம், "தன் குலம் அறியும் தகுதி அன்று ஆதலின்". அவன் வணிகன். அது ஆயர் வீட்டுச் சகுனம். அவர்களுக்கு அடைக்கலம் தந்த ஆயர்குலப் பெண் மாதரி பார்த்திருந்தால் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்திருப்பாள். ஹோமரின் இலியத்தில், பாம்பைக் கவ்விய கழுகு பறந்ததும் பொலிடமாஸ் அதற்குப் பொருள் சொல்லி எச்சரிக்கிறான். நாட்டுக்காகப் போரிடுவதே சிறந்த சகுனம் என்று ஹெக்டர் அதைத் தூக்கி எறிகிறான். அது வீரனின் அகங்காரம், அவன் மேல் கோபமாவது படலாம். கோவலன்மேல் எப்படிக் கோபப்படுவது? சொல்லப்பட்டதே அவனுக்குப் புரியாத பாஷையில்.

அப்புறம் ஆய்ச்சியர் குரவை. குடத்துப் பால் உறையவில்லை, எருதின் கண்ணில் நீர் வழிகிறது, உறியில் இருக்கும் வெண்ணெய் உருகவில்லை, ஆட்டுக்குட்டி துள்ளவில்லை, பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் "வருவது ஒன்று உண்டு". சகுனம் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான், சரியாகவே படிக்கிறார்கள். ஆனால் காதை வரிசையைப் பாருங்கள். கோவலன் வெட்டுண்டு விழுவது 16ஆம் காதையான கொலைக்களக் காதையில். குரவை 17. அதாவது "வரப்போகிறது" என்று அவர்கள் பயப்படுகிற நேரத்தில், படிக்கிற நமக்கு அது ஏற்கெனவே வந்து முடிந்துவிட்டது. அது தெரியாமல் மாதரி, கறவைகளின் துயர் தீரட்டும், கண்ணகி பார்க்கக் குரவை ஆடுவோம் என்கிறாள். கண்ணனையும் நப்பின்னையையும் பாடி ஆடுகிறார்கள். அவ்வளவு அழகான பாட்டு! ஆனால் கண்ணகி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்ற நினைப்பு நம்மை ஒரு வரியைக்கூட ரசிக்க விடுவதில்லை. கொலையைச் சட்டென்று முடித்துவிட்டு, அந்தச் செய்தி அவள் காதுக்கு எட்டும்வரை நம்மை இப்படிக் காத்திருக்க வைக்கிறார். சகுனத்தின் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். கேட்பவர் அதிர்ச்சியை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார், அதனால் கண்ணகி அலறும்போது அவளோடு சேர்ந்து துக்கப்பட முடிகிறது.

கடைசியாகப் பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவியின் கனவு. குடையும் செங்கோலும் சாய்கின்றன, வாயில் மணி நடுங்குகிறது, இரவில் வானவில், பகலில் விண்மீன் விழுகிறது. கனவைச் சொல்ல அரசனிடம் விரைகிறாள். இவளாவது வாய் திறந்து சொல்கிறாள், சொல்ல வேண்டிய ஆளிடமே சொல்கிறாள். என்ன பயன்? அவளுடைய ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில்தான் பாண்டியன் பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல், கொன்று சிலம்பைக் கொண்டு வா என்று ஆணையிட்டிருந்தான். கனவு வருவதற்குள் ஆணை நிறைவேறிவிட்டது. அவள் சொல்லி முடித்து அரசன் அரியணையில் அமர்ந்த அந்த நேரத்தில் வாசலில் "வாயிலோயே வாயிலோயே" என்று குரல் கேட்கிறது.