அக்ரிமெண்ட்டில் ஏறும் மனை விலை

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலை வேலை தொடங்கியதிலிருந்து கும்பகோணம், பாபநாசம் பக்க டீக்கடைகளில் நெல் விலையைவிட மனை விலைதான் அதிகம் அடிபடுகிறது. சாலையால் மதிப்பு கொஞ்சம் கூடியது நிஜம், அதை மறுக்கவில்லை. ஆனால் சம்பா நட்ட வயலில் கல் ஊன்றிச் சொல்கிற விலைக்கும் சாலைக்கும் சம்பந்தம் குறைவு.

ஒரு பேச்சுக்கு, 1,200 சதுர அடி மனை, அடி 1,500 ரூபாய் வீதம் 18 லட்சம். 25 லட்சத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டால் மாதம் 9,000 வந்தாலே பெரிது. 43 லட்சத்தை முடக்கி வருசத்துக்கு 1,08,000, அதாவது இரண்டரை சதவீதம். பேங்க்கில் டெபாசிட் போட்டால்கூட இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். அப்படியானால் வாங்குகிறவர் வாடகையை நம்பி வாங்கவில்லை. நாளைக்கு இன்னொருவர் கூடுதலாகக் கொடுப்பார் என்று நம்பி வாங்குகிறார்.

இதற்குத் தீனி போடுவது அக்ரிமெண்ட். 2 லட்சம் அட்வான்ஸ், மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க ஆறு மாதக் கெடு. அதற்குள் அடிக்கு 150 ரூபாய் ஏறி, அக்ரிமெண்ட்டை இன்னொருவருக்குக் கைமாற்றினால் 1,80,000 லாபம். மனை ஏறியது பத்து சதவீதம், போட்ட காசுக்குக் கிடைத்ததோ தொண்ணூறு சதவீதம்! கிரயம் நேராக அடுத்தவர் பெயரில் முடிவதால், நடுவில் நின்றவருக்கு 9 சதவீதப் பத்திரச் செலவும் கிடையாது. அந்த லாபம் அடுத்த மனைக்கு அட்வான்ஸாகப் போகிறது. கேட்கிற ஆள் கூடக் கூட விலை ஏறுகிறது. ஏறுவதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருகிறார்கள். ஒரு மனை 1,650க்கு முடிந்தால், சாயங்காலத்துக்குள் மனை பிரித்துப் போட்ட அந்த நகர் முழுக்க 1,650தான். மற்ற மனைகளை யாரும் அந்த விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்கள்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பரில் பணமதிப்பிழப்பும் சேர்ந்துகொண்டது. மண் அதே மண்தான். வீடு கட்ட வாங்கியவர் பொறுத்திருக்கலாம், கெடு வைத்து அட்வான்ஸ் கொடுத்தவர் என்ன செய்வார்? 2017 ஜூனில் அரசே வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. அப்போதும் புரோக்கரைக் கேட்டால் "விலையெல்லாம் இறங்கலண்ணே, கொஞ்சம் டல்லா இருக்கு, அவ்வளவுதான்" என்பார். ஷேர் மார்க்கெட் மாதிரி ஒரே நாளில் சரிந்து கண்ணுக்குத் தெரியாது. விலை நின்ற இடத்திலேயே நிற்கும், வாங்கத்தான் ஆள் இருக்காது. பெண் கல்யாணத்துக்கு விற்கப் போகும்போதுதான் நிஜ விலை தெரியும்.

அக்ரிமெண்ட் பெரும்பாலும் பதியப்படுவதில்லை என்பதால் வில்லங்கச் சான்று பார்த்தும் இந்தக் கைமாற்றம் புரியாது. நான் வேறொன்று பார்ப்பேன். பக்கத்தில் பத்து வருசத்துக்கு முன் போட்ட நகருக்குப் போய், எத்தனை வீட்டில் கரண்ட் மீட்டர் ஓடுகிறது என்று எண்ணுங்கள். நூறு மனையில் ஏழெட்டு வீடு, மீதியெல்லாம் கருவேலம் என்றால், புது நகரில் அடி 1,650 சொல்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.